கல்லீரலின் இறுக்கமும் தழும்பும்: கிலோபாஸ்கல் எண்கள் கூறுவது யாது?

சந்தையில் மாம்பழம் வாங்குவோர் தோலின் நிறத்தை மட்டும் நம்புவதில்லை. பெருவிரலால் சற்றே அழுத்திப் பார்க்கின்றனர். நெகிழ்ந்து கொடுத்தால் கனி. இறுகி நின்றால் காய். மருத்துவர்களும் நெடுங்காலமாகக் கல்லீரலை இவ்வாறே சோதித்து வந்திருக்கின்றனர். நோயாளியைப் படுக்கவைத்து, வலப்பக்க விலாவின் கீழே விரல்களை ஊன்றி, மூச்சை உள்ளிழுக்கச் சொல்லி, கீழிறங்கும் கல்லீரலின் விளிம்பு மென்மையாக உள்ளதா, கெட்டியாக உள்ளதா என்று தடவி அறிவது இன்றும் வழக்கிலுள்ளது. ஆயினும் விரலுக்கு எட்டுவது விளிம்பு மட்டுமே. அதுவும், நோய் பெரிதும் முற்றிய பின்னரே விரல் வேறுபாட்டை உணரும். விரல் செய்யும் இவ்வேலையை ஒரு கருவி செய்து, விடையை எண்ணாகத் தரும் முறையே எலாஸ்டோகிராபி எனப்படுவது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய வைரஸ்களால் ஆறு திங்களுக்கு மேல் நீடித்த கல்லீரல் அழற்சி உடையோர் பலருக்கு இன்று இச்சோதனை செய்யப்படுகிறது. அவர்கள் கையில் கிடைக்கும் அறிக்கைத் தாளில் ஓர் எண்ணும், அதனருகே கிலோபாஸ்கல் எனும் அலகும் இருக்கும். அவ்வெண்ணை எவ்வாறு பொருள் கொள்ளுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். கருவி அளப்பதைக் குறிக்க விறைப்பு, கடினம், கெட்டித்தன்மை எனத் தமிழில் பல சொற்கள் பொருந்தும். நாம் 'இறுக்கம்' என்ற ஒரே சொல்லை ஆள்வோம். மருத்துவர் அறிய விரும்புவதோ 'தழும்பு'. இறுக்கம் வேறு, தழும்பு வேறு. தழும்பு மிகுந்தால் இறுக்கம் மிகும் என்பது மெய்யே. ஆனால் இறுக்கம் மிகுந்த இடமெல்லாம் தழும்பு உண்டு என்பது மெய்யன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே சிலர் காரணமின்றி அஞ்சுகின்றனர். வேறு சிலர் காரணமின்றி நிம்மதி கொள்கின்றனர்.

தழும்பு உண்டாகும் விதம்

கையில் ஆழ்ந்த காயம் பட்டு ஆறினால், அவ்விடத்தில் தோல் பழைய நெகிழ்ச்சியை இழந்து நார் போன்ற திசுவாகிறது. வைரஸின் பொருட்டுக் கல்லீரலில் எழும் அழற்சியும் ஆண்டுக்கணக்கில் ஓயாத ஒரு காயமே. உயிரணுக்கள் மடிந்த இடத்தில் நார்த் திசு படிகிறது. தொடக்கத்தில் அது இரத்தக் குழாய்களைச் சுற்றி மெல்லிய இழையாக நிற்கும். பின்னர் இழைகள் நீண்டு ஒன்றோடொன்று கைகோத்துப் பாலம் அமைக்கும். முடிவில் அவை வலைபோற் பின்னி, நல்ல திசுவைச் சிறு சிறு முடிச்சுகளாகப் பிரித்துவிடும். இந்தக் கடைசி நிலையே சிரோஸிஸ். தழும்பு அற்ற நிலையைப் பூஜ்யம் என்றும், சிரோஸிஸை நான்கு என்றும் கொண்டு, இடையிலுள்ள நிலைகளை ஒன்று, இரண்டு, மூன்று என மருத்துவர்கள் வகுத்துள்ளனர்.

இந்நிலைகளை நேரே காண்பதற்குள்ள வழி, ஊசியால் கல்லீரலின் துணுக்கு ஒன்றை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் நோக்குவதாகும். ஆனால் அத்துணுக்கு முழுக் கல்லீரலில் ஏறத்தாழ ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கே. தழும்பு எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதில்லையாதலின், ஊசி புகுந்த இடத்தைப் பொறுத்து விடை மாறக்கூடும். வலியும், அரிதாக இரத்தப்போக்கும் நேர்வதனால், அதே நோயாளியிடம் அடிக்கடி செய்யத்தக்கதும் அன்று. இக்குறையை நிரப்பவே இறுக்கத்தை அளக்கும் கருவிகள் தோன்றின. அவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது, 2003-ஆம் ஆண்டு முதல் பிரான்ஸ் நாட்டிலிருந்து பரவிய பைப்ரோஸ்கான் எனும் கருவி. நாம் இங்கே கூறும் எண்கள் யாவும் அதனைச் சார்ந்தவை.

கருவி அளப்பது எதை?

நோயாளி மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குப் பின்னே வைத்துக்கொள்கிறார். விலா எலும்புகளின் இடைவெளி அதனால் விரிகிறது. அவ்விடைவெளியில் பசை தடவி, கருவியின் முனையைச் செங்குத்தாக வைக்கின்றனர். பொத்தானை அழுத்தியதும் முனை ஒருமுறை மெல்ல அதிர்ந்து, விரலால் சுண்டியதுபோல் தோலைத் தட்டுகிறது. வலி ஏதுமில்லை. தட்டிய அதிர்ச்சி அலையாகக் கல்லீரலினுள் ஓடுகிறது. அதே முனையிலிருந்து புறப்படும், காதுக்கு எட்டாத ஒலியலைகள் அவ்வலையைப் பின்தொடர்ந்து, அஃது எவ்வளவு விரைவாக ஓடிற்று என்பதைக் காண்கின்றன. தோலுக்குக் கீழே 25 மில்லிமீட்டர் முதல் 65 மில்லிமீட்டர் வரையுள்ள பகுதியில், ஒரு சென்டிமீட்டர் அகலமும் நான்கு சென்டிமீட்டர் நீளமும் கொண்ட திசு இவ்வாறு அளக்கப்படுகிறது. ஊசித் துணுக்கைக் காட்டிலும் இது நூறு மடங்கேனும் பெரிது.

தளர்ந்த கயிற்றில் அலை மெதுவாக ஓடும். இறுகக் கட்டிய கயிற்றில் விரைந்து ஓடும். கல்லீரலிலும் அவ்வாறே. வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என அளந்து, அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, மீண்டும் மூன்றால் பெருக்கினால் கிலோபாஸ்கல் கிடைக்கிறது. வேகம் ஒரு மீட்டர் என்றால் இறுக்கம் 3 கிலோபாஸ்கல். வேகம் இரண்டு மீட்டர் என்றால் 12. மூன்று மீட்டர் என்றால் 27. வேகம் இரு மடங்கானால் எண் நான்கு மடங்காகிறது என்பதை இங்கே கவனித்தல் நலம். ஆகவே எண் 6-லிருந்து 12-க்கு ஏறியவர், தம் கல்லீரலில் தழும்பு சரியாக இரு மடங்காகிவிட்டது என்று கணக்கிடலாகாது. அந்த எண் தழும்பின் எடையுமன்று, விழுக்காடுமன்று.

பாஸ்கல் என்பது பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞரின் பெயரால் அமைந்த அலகு. காற்றழுத்தத்தையும் அதனால் அளப்பதுண்டு. அதனால் சிலர், அறிக்கையிலுள்ள எண்ணை ஈரலுக்குள் இருக்கும் இரத்த அழுத்தம் என்று எண்ணிவிடுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஒரு பொருளை ஓரளவு உருமாற்றுவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதையும் அதே அலகால் குறிப்பது பௌதிக சாஸ்திர வழக்கு.

ஒரே தட்டலை நம்புவதில்லை. பத்து முறை அளந்து, விடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணையே முடிவாகக் கொள்கின்றனர். அதனுடன், விடைகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதும் அறிக்கையில் ஒரு விழுக்காடாக அச்சாகியிருக்கும். நடுப்பாதி விடைகளின் பரப்பு, முடிவெண்ணில் 30 விழுக்காட்டைத் தாண்டினால், அளவை நம்பத்தக்கதன்று என்பது பொது விதி. எண் 7-க்கு மேற்பட்டிருக்கும்போது இவ்விதி முக்கியமாகிறது.

எண்களின் பொருள்

நலமுள்ளோரின் கல்லீரல் பெரும்பாலும் 5 கிலோபாஸ்கலை ஒட்டி நிற்கும். நீடித்த ஹெபடைடிஸ் பி உடையோருக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, 7-க்கு மேற்பட்டால் கருதத்தக்க தழும்பும், 12.5-க்கு மேற்பட்டால் சிரோஸிஸும் இருக்கக்கூடும் எனக் கொள்ளப்படுகிறது. ஹெபடைடிஸ் சி-யிலும் ஏறத்தாழ இவையே எல்லைகள், அங்கே 9.5-ஐ மூன்றாம் நிலையின் தொடக்கமாகக் கொள்வதுண்டு.

இவ்வெல்லைகள் எவ்வாறு கிடைத்தன? பலரிடம் கருவியால் அளந்து, அவர்களுடைய ஊசித் துணுக்கையும் நோக்கி, எந்த எண்ணில் கோடு கிழித்தால் பிழை குறையும் என்று கணக்கிட்டனர். எனவே கோட்டின் இருபுறத்திலும் தவறாக விழுந்தோர் உண்டு. 6.8-க்கும் 7.3-க்கும் இடையே உடலில் பெரிய வேற்றுமை ஏதுமில்லை. அடுத்த நாள் அளந்தால் அவை இடம் மாறிக்கொள்ளவும் கூடும். எண் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு அதன் சொல் உறுதி பெறும். 5 என்ற எண் சிரோஸிஸ் இல்லை என்பதற்கு நல்ல சாட்சி. 30 என்பது சிரோஸிஸ் உண்டு என்பதற்கு வலிய சாட்சி. இடையிலுள்ள எண்களுக்கே வேறு சாட்சிகளின் துணை மிகுதியாக வேண்டும்.

தழும்பின்றியும் இறுக்கம் ஏறும்

கல்லீரல், நெகிழாத மெல்லிய உறையினுள் அடங்கிய உறுப்பு. உள்ளே நீரோ, இரத்தமோ, பித்தமோ தேங்கினாலும் அஃது இறுகும். அழற்சி கடுமையாகும்போது உயிரணுக்கள் வீங்குகின்றன, எண் ஏறுகிறது. இருதயம் தளர்ந்து இரத்தம் பின்தேங்கும்போதும் ஏறுகிறது. பித்தக் குழாய் அடைபட்டாலும் ஏறுகிறது. வயிறார உண்டவுடன் குடலிலிருந்து கல்லீரலுக்குப் பாயும் இரத்தம் பெருகுவதால் அப்பொழுதும் ஏறுகிறது. அதனாலேயே சோதனைக்கு முன் மூன்று மணி நேரமேனும் ஒன்றும் உண்ணாதிருக்கச் சொல்கின்றனர். காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு நேரே வந்து படுத்தவரின் எண், அவருடைய தழும்பைவிடச் சிற்றுண்டியைப் பற்றியே கூறக்கூடும்.

இவற்றுள் ஹெபடைடிஸ் நோயாளிகளை மிகுதியாக ஏமாற்றுவது அழற்சியே. அதனை அறிய ஓர் எளிய துணை உண்டு. எஸ்.ஜி.பி.டி. எனும் இரத்தச் சோதனை, கல்லீரலின் உயிரணுக்கள் அப்போது எவ்வளவு சிதைகின்றன என்பதைக் காட்டும். சாதாரண உச்ச அளவைச் சுமார் 40 என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவர் சங்கத்தின் 2015-ஆம் ஆண்டு நெறிமுறை, ஹெபடைடிஸ் பி-யில் எஸ்.ஜி.பி.டி. சாதாரணமாக இருந்தால் 9-க்கு மேற்பட்ட எண்ணையும், அது உயர்ந்திருந்தால் 12-க்கு மேற்பட்ட எண்ணையுமே கடுந்தழும்பின் அடையாளமாகக் கொள்ளுமாறு கூறிற்று. அந்த உயர்வும் உச்ச அளவைப்போல் ஐந்து மடங்குக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும். அதனையும் தாண்டினால், எண்ணைக் கொண்டு தழும்பைக் கணிப்பதை ஒத்திவைப்பதே முறை.

ஓர் உதாரணம்

இதனை விளக்க ஓர் உதாரணத்தை நாமே வகுத்துக்கொள்வோம். வயது 38 உள்ள ஒருவர். ஹெபடைடிஸ் பி உண்டென்று பல்லாண்டுகளாக அறிந்தவர். சில வாரங்களாக அயர்வும் பசியின்மையும். எஸ்.ஜி.பி.டி. 420. அதே வாரத்தில் அளந்த பத்து எண்கள், வரிசையில்: 13.1, 13.4, 13.7, 13.9, 14.1, 14.3, 14.6, 15.0, 15.4, 16.2. நடுவில் நிற்பவை 14.1-உம் 14.3-உம், ஆகவே முடிவெண் 14.2. நடுப்பாதி எண்கள் 13.7-லிருந்து 15.0 வரை, அதாவது 1.3 அளவே பரவியுள்ளன, இது 14.2-இல் ஏறத்தாழ 9 விழுக்காடு. அளவையில் குறையில்லை. 14.2 என்பது 12.5-க்கு மேல். அறிக்கையை மட்டும் படிப்போர் இவருக்குச் சிரோஸிஸ் என்று எழுதிவிடுவர்.

ஆனால் மற்றச் சாட்சிகளைக் கேட்போம். எஸ்.ஜி.பி.டி. உச்ச அளவைப்போல் பத்து மடங்குக்கு மேல். இரத்தத் தட்டணுக்கள் 2,20,000. சிரோஸிஸ் முற்றி மண்ணீரல் வீங்கினால் இத்தொகை பெரும்பாலும் குறைந்திருக்கும். அல்ட்ராசவுண்ட் படத்தில் கல்லீரலின் மேற்பரப்பு வழவழப்பாகவும், மண்ணீரல் சாதாரண அளவிலும் உள்ளன. எனவே மருத்துவர், கருவி இறுக்கத்தைச் சரியாகவே அளந்துள்ளது, ஆனால் அதில் தழும்பின் பங்கு எவ்வளவு, அழற்சியின் பங்கு எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல இயலாது எனக் கருதுகிறார். சிகிச்சையை இதற்காக அவர் நிறுத்திவைப்பதில்லை. இரத்தத்தில் வைரஸ் மிகுதியாக இருப்பதால் டெனோபோவிர் மாத்திரை உடனே தொடங்கப்படுகிறது. ஒத்திவைக்கப்படுவது சிரோஸிஸ் என்னும் முத்திரை மட்டுமே.

ஆறு திங்களுக்குப் பின் எஸ்.ஜி.பி.டி. 36. இப்போது வெறும் வயிற்றில் அளந்தால் எண் 7.4. ஆறு திங்களில் தழும்பு இவ்வளவு கரைந்துவிடாது, வடிந்தது வீக்கமே. அழற்சி ஓய்ந்தபின் கிடைத்த இந்த 7.4-தான் இவரது கல்லீரலைப் பற்றிக் கேட்கத்தக்க முதல் சாட்சி. அது கூறுவது, மிதமான தழும்பு இருக்கக்கூடும், சிரோஸிஸ் இருப்பதற்குச் சான்றில்லை என்பதே. மாத்திரையை நிறுத்துவதற்கு அது அனுமதியன்று. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் வைரஸ் மீண்டும் கிளர்ந்து, கடும் அழற்சியை உண்டாக்கக்கூடும்.

எண் இறங்கியும் தழும்பு நிற்கும்

இதற்கு நேர்மாறான ஒன்றையும் காண்போம். வயது 52 உள்ள ஓர் அம்மையார். நோய் ஹெபடைடிஸ் சி. எண் 21, எஸ்.ஜி.பி.டி. 96, தட்டணுக்கள் 1,10,000, படத்தில் கல்லீரலின் மேற்பரப்பு முடிச்சு முடிச்சாக உள்ளது. இங்கே எல்லாச் சாட்சிகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன: சிரோஸிஸ். 2015-இல் இத்தாலியில் பவேனோ எனுமிடத்தில் கூடிய நிபுணர்கள், எண் 20-க்குக் குறைந்தும் தட்டணுக்கள் 1,50,000-க்கு மிகுந்தும் இருப்போருக்கு, உணவுக்குழாயில் இரத்த நாளங்கள் புடைத்துள்ளனவா என்று எண்டோஸ்கோப்பால் பார்ப்பதைத் தவிர்க்கலாம் என்றனர். இவர் இரண்டிலும் அவ்வெல்லைக்கு அப்பால் நிற்பதால் அச்சோதனை இவருக்கு வேண்டியதாகிறது.

சோபோஸ்புவிர், வெல்படாஸ்விர் எனும் மருந்துகளைப் பன்னிரண்டு வாரம் உட்கொண்டார். 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் ஹெபடைடிஸ் சி-க்குரிய மருந்துகள் நம் நாட்டில் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்தும் இரத்தத்தில் வைரஸ் காணப்படவில்லை, நோய்க்கிருமி ஒழிந்தது. ஓராண்டுக்குப் பின் எண் 11.8. பழைய கோடான 12.5-க்குக் கீழே இறங்கிவிட்டதே, இனிச் சிரோஸிஸ் இல்லையல்லவா என்று வீட்டார் கேட்கக்கூடும்.

இல்லை என்று கூற இயலாது. 12.5 என்ற கோடு, வைரஸும் அழற்சியும் உள்ள கல்லீரல்களை ஆராய்ந்து கிழித்தது. அழற்சி நீங்கிய கல்லீரலில், அதே அளவு தழும்பு தாழ்ந்த எண்ணையே காட்டும். வீக்கம் சில திங்களில் வடிகிறது. நார்த் திசு கரைவதாயின் அதற்குப் பல்லாண்டு வேண்டும். சிலரிடம் முற்றும் கரைவதே இல்லை. 2021-இல் பவேனோ நிபுணர்கள், ஹெபடைடிஸ் சி ஒழிந்தோரிடம் எண் 12-க்குக் குறைந்தும் தட்டணுக்கள் 1,50,000-க்கு மிகுந்தும் இருந்தால் மட்டுமே, ஈரலுக்குச் செல்லும் பெருநாளத்தில் அபாயமான அழுத்தம் இல்லை எனக் கொள்ளலாம் என்றனர். இவ்வம்மையாரின் எண் இறங்கினும் தட்டணுக்கள் 1,25,000-ஆகவே நிற்கின்றன. அன்றியும், சிரோஸிஸ் கண்ட கல்லீரலில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு, கிருமி ஒழிந்தபின் குறையுமேயன்றி இல்லாதொழியாது. ஆதலின் ஆறு திங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் சோதனை தொடர்ந்து நடைபெறுதல் வேண்டும். இறங்கிய எண்ணை நம்பி அதனைக் கைவிட்டால், சிறிதாக இருக்கும்போதே கண்டு நீக்கத்தக்க கட்டி, பெரிதான பின்னரே கண்ணிற்படும்.

அறிக்கையைப் படிக்கும் முறை

ஆகவே அறிக்கை கைக்கு வந்ததும் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. பத்து அளவைகள் கிடைத்தனவா, சிதறல் 30 விழுக்காட்டுக்கு உட்பட்டதா? வெறும் வயிற்றில் அளந்தனரா? அதே வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு? இருதய நோயோ, பித்த அடைப்போ உண்டா? முன்னர் அளந்ததும் இதே வகைக் கருவிதானா? இறுதிக் கேள்வி சிறிதன்று. வேறு முறைகளில் இறுக்கத்தை அளக்கும் அல்ட்ராசவுண்ட் கருவிகளும் உள்ளன. அவற்றின் எண்களுக்கு எல்லைகள் வேறு. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் கோட்டோடு ஒப்பிடலாகாது.

சிலருக்கு இச்சோதனை விடையே தராது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் அதிர்வலை அந்நீரைக் கடந்து செல்லாது. உடல் மிகப் பருத்தவரிடம் தோலுக்கும் கல்லீரலுக்கும் இடையிலுள்ள கொழுப்பு அலையைத் தடுக்கும். அவர்களுக்கென ஆழமாக அளக்கும் தனி முனை உண்டு. அதனாலும் பத்து எண்கள் கிடைக்காவிடில், அளக்க இயலவில்லை என்று எழுதுவதே நேர்மையான அறிக்கையாகும்.

எலாஸ்டோகிராபி மருத்துவரின் விரலை நீட்டித் தந்துள்ளது. விரலைப்போலவே அதுவும் இறுக்கத்தை மட்டுமே உணர்கிறது. அவ்விறுக்கத்தில் தழும்பு எவ்வளவு, வீக்கம் எவ்வளவு எனப் பிரித்துக் கூற இரத்தச் சோதனையும், படமும், சில திங்கள் கழித்து எடுக்கும் மற்றோர் அளவையும் வேண்டும். பழைய அறிக்கைகளை எறிந்துவிடாமல் தேதி வாரியாகச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றோடும் அவ்வாரத்து எஸ்.ஜி.பி.டி. அளவையும் குறித்து மருத்துவரிடம் காட்டுவோர்க்கு, அக்கிலோபாஸ்கல் எண்கள் முழுப் பயனைத் தரும்.